‘இதை விளக்கவும்’ என்று மட்டும் எழுதி வரும் பாடநூல் பக்கம்: ஓம் விதியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தனிப்பயிற்சி நடத்துபவர்களுக்கும், மாலை நேரத்தில் தன்னார்வமாகப் பாடம் சொல்லித் தருபவர்களுக்கும், வீட்டில் படித்த அக்காவோ மாமாவோ என்று அறியப்பட்டவர்களுக்கும் கைப்பேசியில் அடிக்கடி வருவது ஒரு பாடநூல் பக்கத்தின் படம். அதன் கீழே ‘இதை விளக்கவும்’ என்று மட்டும் இருக்கும். அனுப்பியவர் எந்த வகுப்பு, என்ன வயது, தனக்காகக் கேட்கிறாரா, பிள்ளைக்காகக் கேட்கிறாரா என்பது எதுவும் தெரியாது. உடனே நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்டால் பலர் பதில் அனுப்பாமலே விட்டுவிடுவார்கள். எதையும் கேட்காமல் நமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினால் அது அவருக்குப் பொருந்தாமல் போகும். அந்தப் பக்கத்தையே முதல் சாட்சியாக வைத்துக்கொண்டு, அதைப் படிக்கக்கூடிய யாருக்கும் பொருந்தும் விளக்கத்தை எழுதி, அதன் முடிவில் கேட்பவரின் நிலையைத் தானாக வெளிப்படுத்தும் ஒரே ஒரு வினாவை வைப்பதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதை ஓம் விதி உள்ள ஒரு பக்கத்தைக் கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் பக்கம் இப்படி இருக்கிறது. மேலே ஒரு மின்சுற்றுப் படம்: மின்கலங்கள், சாவி, அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ஒரு நிக்குரோம் கம்பி. நடுவில் ஒரு கட்டத்துக்குள் விதி. அதன் கீழே நான்கு வரிசைகள் கொண்ட அட்டவணை, ஒரு நேர்கோட்டு வரைபடம், V = IR என்ற சமன்பாடு, தீர்க்கப்பட்ட ஒரு கணக்கு. பக்கத்தின் கடைசி வரி படத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

முதல் படி: விளக்குவதற்கு முன் படத்தைச் சரியாக வாசித்தல்

ஸ்கேன் செய்த பக்கத்தில் கண் எளிதில் ஏமாறுவது எழுத்துகளில் அன்று, எண்களிலும் குறியீடுகளிலும்தான். ஓம் என்ற அலகின் குறியான Ω மங்கலாக இருந்தால் பூஜ்யம் போலத் தோன்றும். ஆகவே ‘4 Ω’ என்பது ‘40’ என்று படிக்கப்படலாம். தசமப் புள்ளி அழிந்துபோனால் 0.25 என்பது 025 ஆகத் தெரியும். I என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும் பல அச்சுகளில் ஒன்று போலவே இருக்கும். இவற்றை ஊகித்து எழுதக் கூடாது. பக்கத்திலேயே உள்ள கணக்கைத் திரும்பச் செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எடுத்துக்காட்டில் 12 V, 3 A என்று கொடுக்கப்பட்டு விடை ‘40’ போலத் தெரிந்தால், 12 ஐ 3 ஆல் வகுத்தால் 4 வருவதால், அது 4 Ω என்பது ஐயமின்றித் தெளிவாகிறது. அட்டவணைக்கும் இதே சோதனை பொருந்தும். ஒவ்வொரு வரிசையிலும் மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்த்தால், மங்கலாகத் தெரியும் ஒரு எண் மற்ற மூன்று வரிசைகளின் துணையோடு மீண்டுவிடும்.

வெட்டுப்பட்ட கடைசி வரி நம் விளக்கத்துக்குத் தேவையானதா என்று பார்க்க வேண்டும். அது அடுத்த தலைப்பின் தொடக்கமாக இருந்தால் பேசாமல் விட்டுவிடலாம். தீர்க்கப்பட்ட கணக்கின் விடை அங்கே இருந்தால் நாமே கண்டுபிடித்து எழுதலாம். விதியின் வாசகமே வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் மறுபடியும் படம் எடுத்து அனுப்பச் சொல்வது நியாயம்.

இன்னொன்று, அச்சிட்டதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பென்சிலால் இட்ட அடிக்கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, ஒரு சொல்லைச் சுற்றி வரைந்த வட்டம், மடித்த மூலை ஆகியவை அனுப்பியவர் எழுதாமல் விட்ட கேள்வியைச் சொல்லிவிடும். ‘மாறா வெப்பநிலையில்’ என்ற தொடரின் கீழே மட்டும் கோடு இருந்தால், விளக்கத்தின் எடை அங்கே விழ வேண்டும்.

இரண்டாம் படி: பக்கத்திலிருந்து நிலையைக் கணித்தல்

வகுப்பு எண் எழுதப்படாவிட்டாலும், ஒரு பக்கம் எதையெல்லாம் வாசகர் முன்பே அறிந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறது என்பதிலிருந்து அதன் படிநிலை தெரிந்துவிடும். மின்விளக்கு, சாவி, மூடிய சுற்று, கடத்தி, கடத்தாப் பொருள் ஆகியவை மட்டும் இருந்து சமன்பாடே இல்லையென்றால் அது நடுநிலை வகுப்புகளுக்கான பக்கம். ‘நேர்த்தகவு’ என்ற சொல்லும் ∝ என்ற குறியும் V = IR உம் வந்துவிட்டால் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு நிலை. இழுப்புத் திசைவேகம், மின்னோட்ட அடர்த்தி, J = σE என்ற வடிவம் ஆகியவை வந்தால் அது மேல்நிலை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘மின்னோட்டவியல்’ என்ற அதே தலைப்பில் பத்தாம் வகுப்பு அறிவியலிலும் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலிலும் பாடம் இருப்பதால், தலைப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. உள்ளே இருக்கும் கருத்துகளைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் ‘மின்னழுத்த வேறுபாடு’ என்பதற்குப் பதிலாக ‘அழுத்த வித்தியாசம்’ என்றும், ‘அம்மீட்டர்’ என்பதற்குப் பதிலாக ‘அம்பியர்மானி’ என்றும் இருந்தால் அது இலங்கைப் பாடநூல். அப்போது நம் விளக்கமும் அந்தச் சொற்களையே ஆள வேண்டும். இல்லையென்றால் பாடத்தோடு புதிய கலைச்சொற்களையும் கற்கும் சுமையை அவர்மேல் ஏற்றிவிடுவோம்.

இந்தக் கணிப்புக்கு ஓர் எல்லை உண்டு. பக்கம் நூலின் வகுப்பைச் சொல்கிறதே தவிர, படிப்பவரின் வகுப்பைச் சொல்வதில்லை. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாராகும் முப்பது வயதுக்காரர் பத்தாம் வகுப்பு நூலைத்தான் கையில் வைத்திருப்பார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அண்ணனின் புத்தகத்தை ஆர்வத்தால் திறந்திருக்கலாம். மறுநாள் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தாயாகவும் இருக்கலாம். எனவே ‘தம்பி’, ‘கண்ணா’ என்று தொடங்காமல் ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். மரியாதைப் பன்மை குழந்தையைப் புண்படுத்தாது. பெரியவரைச் சிறுவராக நினைத்து எழுதினால் அவர் அடுத்த முறை கேட்கவே மாட்டார்.

இதிலிருந்து நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்று பிறக்கிறது. விளக்கம் பக்கத்தின் மட்டத்துக்கு மேலே செல்லக் கூடாது. கீழே ஒரு படி மட்டும் இறங்கலாம். ஓம் விதிப் பக்கத்துக்கு எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் வேண்டாம். ஆனால் மின்னோட்டம் என்றால் என்ன, மின்னழுத்த வேறுபாடு என்றால் என்ன என்பதை ஒவ்வொரு வரியில் நினைவூட்டலாம். தெரிந்தவர் அந்த இரண்டு வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்; தெரியாதவருக்கு அவை இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது.

மூன்றாம் படி: பக்கத்தைத் தாங்கும் வாக்கியத்தைக் கண்டுபிடித்தல்

ஒரு பக்கத்தில் எல்லா வரிகளும் சமமானவை அல்ல. ஓம் 1827 இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார் என்ற குறிப்புப் பெட்டி, மின்சுற்றுப் படத்தின் பாகங்கள், அலகின் வரையறை ஆகியவற்றை வாசித்தாலே புரியும். இந்தப் பக்கத்தைத் தாங்குவது கட்டத்துக்குள் உள்ள ஒரே வாக்கியம்: மாறா வெப்பநிலையில், கடத்தி ஒன்றின் வழியே பாயும் மின்னோட்டம் அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும்.

இதில் மூன்று இடங்களில் மாணவர் தடுக்கி விழுகிறார். ‘இரு முனைகளுக்கு இடையே’ என்பது ஒன்று. மின்னழுத்த வேறுபாடு இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கப்படுவது, மின்னோட்டம் ஒரு புள்ளியின் வழியே பாய்வது என்ற வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. படத்தில் வோல்ட்மீட்டர் கம்பிக்குப் பக்க இணைப்பிலும் அம்மீட்டர் தொடரிணைப்பிலும் இருப்பதற்குக் காரணமும் அதுவே. அடுத்தது ‘நேர்த்தகவு’. பலர் இதை ‘ஒன்று கூடினால் மற்றதும் கூடும்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது, ஒன்று இரு மடங்கானால் மற்றதும் சரியாக இரு மடங்காக வேண்டும். மூன்றாவது ‘மாறா வெப்பநிலையில்’. இதைப் பெரும்பாலோர் அலங்காரச் சொல்லாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்.

நான்காவதாக ஒரு தவறு உண்டு. அது வாக்கியத்தில் இல்லை, சமன்பாட்டில் பிறக்கிறது. R = V/I என்று எழுதியவுடன், V கூடினால் R உம் கூடும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வகுப்பு எதுவானாலும் இந்தப் பிழை வருகிறது, வளர்ந்தவர்களிடமும் காண்கிறேன். ஆகவே விளக்கம் சமன்பாட்டில் தொடங்கக் கூடாது, அட்டவணையில் தொடங்க வேண்டும்.

நான்காம் படி: விளக்கத்தை எழுதுதல்

நம் பக்கத்தின் அட்டவணையில் உள்ள எண்கள் இவை: 1.5 V க்கு 0.25 A, 3.0 V க்கு 0.50 A, 4.5 V க்கு 0.75 A, 6.0 V க்கு 1.00 A. அனுப்பவேண்டிய பதிலை முழுவதுமாக எழுதிக் காட்டுகிறேன்.

> இந்தப் பக்கம் ஒரே கேள்விக்கு விடை சொல்கிறது: ஒரு கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வோல்ட்டைக் கூட்டினால், அதில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு கூடும்?
>
> மின்னோட்டம் என்பது கம்பியின் வழியே ஒரு நொடியில் கடந்து செல்லும் மின்னூட்டத்தின் அளவு. அதை ஆம்பியரில் (A) சொல்கிறோம். மின்னழுத்த வேறுபாடு என்பது அந்த மின்னூட்டத்தைக் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துவது. அதை வோல்ட்டில் (V) சொல்கிறோம்.
>
> இப்போது அட்டவணையைப் பாருங்கள். 1.5 V கொடுத்தபோது 0.25 A ஓடியது. 3.0 V, அதாவது இரு மடங்கு கொடுத்தபோது 0.50 A, அதுவும் இரு மடங்கு. 6.0 V என்ற நான்கு மடங்குக்கு 1.00 A என்ற நான்கு மடங்கு. இப்படி ஒரே மடங்கில் இரண்டும் மாறுவதைத்தான் ‘நேர்த்தகவு’ என்று கட்டத்துக்குள் எழுதியிருக்கிறார்கள். வரைபடத்தில் கோடு வளையாமல் நேராக இருப்பதும் இதனால்தான்.
>
> ஒவ்வொரு வரிசையிலும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள். 1.5 ÷ 0.25 = 6. 3.0 ÷ 0.50 = 6. கடைசி வரிசையிலும் 6. வோல்ட் மாறியது, ஆம்பியர் மாறியது, இந்த 6 மட்டும் மாறவில்லை. இதுதான் அந்தக் கம்பியின் மின்தடை: 6 ஓம் (Ω). V = IR என்பது இதையே சுருக்கமாகச் சொல்கிறது.
>
> ‘மாறா வெப்பநிலையில்’ என்று ஏன் சொன்னார்கள்? கம்பி சூடேறினால் அதன் மின்தடையே மாறிவிடும். பிறகு அந்த 6 நிலையாக இருக்காது.
>
> ஒரு சிறு கேள்வி: இதே கம்பிக்கு 9 V கொடுத்தால், வெப்பநிலை மாறாதிருந்தால், எவ்வளவு மின்னோட்டம் ஓடும்? எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் எந்த வரி இன்னும் புரியவில்லையோ அதையும் குறிப்பிடுங்கள்.

கடைசிக் கேள்வியில் உள்ள 9 V தவிர, பதிலில் உள்ள எல்லா எண்களும் அவர் கையில் இருக்கும் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டவை அல்லது கணக்கிடப்பட்டவை. புதிய எடுத்துக்காட்டைக் கொண்டுவந்தால் அவர் இரண்டு பாடங்களை ஒரே நேரத்தில் படிக்க வேண்டியிருக்கும். மேலும், எந்த இடத்திலும் அவர் கண் நம் பதிலிலிருந்து பக்கத்துக்கும் பக்கத்திலிருந்து பதிலுக்கும் போய்வர முடிய வேண்டும். ‘அட்டவணையைப் பாருங்கள்’, ‘கட்டத்துக்குள்’ என்று இடம் காட்டுவது அதற்காகத்தான்.

மின்தடை என்ற சொல்லை, அந்த 6 மாறாதிருப்பதை அவர் தாமே வகுத்துப் பார்த்த பிறகே அறிமுகம் செய்திருக்கிறேன். V கூடினால் R கூடும் என்ற பிழையைத் தடுக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. ‘R மாறாது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எச்சரிப்பதால் பயன் மிகக் குறைவு.

வரைபடத்தைப் பற்றி எழுதும்போது அச்சுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில நூல்களில் கிடை அச்சில் I உம் செங்குத்து அச்சில் V உம் இருக்கும். அப்போது கோட்டின் சாய்வு மின்தடையைத் தரும். சில நூல்களில் இடம் மாறியிருக்கும். அப்போது சாய்வு 1/R. நினைவிலிருந்து ‘சாய்வுதான் மின்தடை’ என்று எழுதிவிட்டால், அவர் பக்கத்தில் உள்ள படத்தோடு நம் விளக்கம் மோதும். நம் அட்டவணைக்கான வரைபடத்தில் V செங்குத்து அச்சில் இருந்தால், (6 − 3) ÷ (1.0 − 0.5) = 6 என்று சாய்வு வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

உவமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் உயரத்தை மின்னழுத்தமாகவும், குழாயில் ஓடும் தண்ணீரை மின்னோட்டமாகவும், குழாயின் குறுகலை மின்தடையாகவும் காட்டுவது பழக்கம். கேட்பவரின் நிலை தெரியாத முதல் பதிலில் இதை நான் சேர்ப்பதில்லை. அது பொய் என்பதால் அன்று. அது ஓர் இடத்தில் முறிகிறது, முறியும் இடத்தைச் சொல்லாமல் விட்டால் புதிய குழப்பம் விதைக்கப்படுகிறது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் எல்லா இடத்திலும் நின்றுவிடும். மின்னழுத்தம் என்பதே பிடிபடவில்லை என்று அவர் திருப்பி எழுதினால், அப்போது இந்த உவமையையும் அது முறியும் இடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: திரும்பி வரும் விடையை வாசித்தல்

பதிலின் கடைசியில் வைத்த 9 V கேள்விக்குச் சரியான விடை 1.5 A. ஆனால் விடையைவிட அதை அடைந்த வழிதான் நமக்கு வேண்டும். அது வயதையும் வகுப்பையும் கேட்காமலே கேட்பவரின் இடத்தைக் காட்டிவிடுகிறது.

‘9 ÷ 6 = 1.5’ என்று எழுதுபவர் சமன்பாட்டைத் திருப்பிப் பயன்படுத்தத் தெரிந்தவர். அவருக்கு அடுத்து ‘மாறா வெப்பநிலை’ பற்றி விரிவாகச் சொல்லலாம். பழைய வகை டங்ஸ்டன் இழை விளக்கில், இழை வெண்மையாக ஒளிரும்போது அதன் மின்தடை, குளிர்ந்திருக்கும்போது உள்ளதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்காகிவிடுகிறது. அதனால் அந்த விளக்கின் V–I வரைபடம் நேர்கோடாக இருக்காமல் வளைந்துவிடும். விதியில் நிபந்தனை ஏன் எழுதப்பட்டது என்பது அந்த வளைவைப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

‘ஒவ்வொரு 1.5 V க்கும் 0.25 கூடுகிறது, 6 இலிருந்து 9 வரை இரண்டு முறை கூட்டினேன்’ என்று எழுதுபவரும் சரியாகவே வந்து சேர்கிறார். ஆனால் அவர் பெரும்பாலும் அட்டவணையின் ஓட்டத்தைப் பார்க்கிறார், விகிதத்தைப் பார்க்கவில்லை. இளைய மாணவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். அவரிடம் 7 V க்கு எவ்வளவு என்று கேளுங்கள். 0.25 என்ற படி அங்கே நேராகப் பொருந்தாது; வகுத்துப் பார்க்க வேண்டிய தேவையை அவரே உணர்வார். விடை ஏறத்தாழ 1.17 A.

‘54’ என்று வந்தால் அவர் 9 ஐ 6 ஆல் பெருக்கிவிட்டார். V = IR இல் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது அவருக்குத் தெளிவாகவில்லை. இங்கே இயற்பியலைத் திரும்பச் சொல்வது வீண். அட்டவணைக்கே திருப்பி அழைத்து, ‘6 V க்கு 1 A தான் ஓடியது; 9 V க்கு 54 A ஓடுமா?’ என்று கேட்டு, விடையின் அளவைச் சோதிக்கப் பழக்க வேண்டும். பிறகு சமன்பாட்டைத் திருப்பி எழுதும் வழியை 12 V, 3 A உள்ள அதே பக்கத்துக் கணக்கில் காட்டலாம்.

‘வோல்ட் கூடினால் தடையும் கூடுமே, அதனால் சொல்ல முடியாது’ என்று வருமானால், எல்லா விடைகளிலும் மதிப்பு மிக்கது அதுதான். நாம் தேடிய பிழை வெளியே வந்துவிட்டது. அவரையே அட்டவணையின் மீதமுள்ள வரிசையான 4.5 ஐ 0.75 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வகுத்துக் காட்டாதீர்கள்.

விடை எதுவும் வராமல் ‘நன்றி’ என்று மட்டும் வந்தால் வற்புறுத்தத் தேவையில்லை. அவர் பெற்றோராகவோ தேர்வுக்குப் படிப்பவராகவோ இருக்கக்கூடும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று பிறகு தெரியவந்தால், அவருக்குத் தேவை வேறு: விதியின் சரியான வாசகம், மின்தடையின் அலகு, அம்மீட்டர் தொடரிணைப்பிலும் வோல்ட்மீட்டர் பக்க இணைப்பிலும் இணைக்கப்படும் என்ற செய்தி ஆகியவற்றை மூன்று வரிகளில் தனியாக அனுப்பலாம். பிள்ளைக்குச் சொல்லித் தரும் பெற்றோர் என்று தெரிந்தால், மேலே உள்ள நான்கு வகை விடைகளையும் அவற்றுக்குச் செய்ய வேண்டியதையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். பிள்ளை விடை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.